கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

வீடு கட்ட பில்டர் கொடுத்த கொட்டேஷனில், கடைசிப் பக்கத்து மொத்தத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். வரைபடத்தை எடுத்து, தரையிலிருந்து மொட்டைமாடி வரை வேலை நடக்கும் வரிசையில் ஒவ்வொன்றும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள்.

விடுபடுவது பெரும்பாலும் வீட்டின் இரண்டு முனைகளில்தான். ஆரம்பத்தில் பழைய கட்டட இடிப்பு, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்துதல், அஸ்திவாரத்துக்குள் மண் நிரப்புதல், வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு, தண்ணீர். முடிவில் கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கேட், மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு. "அதெல்லாம் வழக்கமா பண்ணிடுவோம் சார்" என்றால் நல்லது, அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். தொகை வரி சேர்ந்ததா, சேராததா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சதுர அடிக் கணக்கில் ரேட் பேசியிருந்தால், எந்தப் பரப்புக்கு என்று கேளுங்கள். பால்கனி, போர்டிகோ, மாடிப்படி முழுசாகச் சேருமா, பாதியா? இரண்டு பில்டர்களை ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் ரேட் குறைவு என்பதற்கே அர்த்தமில்லை.

"தரமான", "நல்ல கம்பெனி", "தேவையான அளவு", "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். "எலெக்ட்ரிக்கல் வேலை, தரமான வயர், மொத்தமாக" என்று ஒரே வரி இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு அறையிலும் எத்தனை பாயின்ட், ஏசிக்குத் தனி லைன் உண்டா, சுவிட்ச் எந்த மாடல்? பெயின்ட் என்றால் பட்டி, பிரைமர், எத்தனை கோட்?

அதிகம் பணம் கசிவது, நீங்கள் பிறகு தேர்ந்தெடுக்கும் பொருட்களுக்கு ஒதுக்கிய தொகையில். "டைல்ஸ்: சதுர மீட்டருக்கு இவ்வளவு" என்று இருந்தால் அது பொருளின் விலை மட்டுமா, பதிக்கும் கூலியும் சேர்ந்ததா? அளவையும் சரிபாருங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறையின் தரை 20 சதுர மீட்டர். சுற்றிலும் சுவரின் அடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல்ஸ் வைத்தால், கதவு இடைவெளியைக் கழிக்காமல், இன்னும் 1.8. வெட்டும்போது வீணாவது 10 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 24 ஆகிவிடும். கொட்டேஷனில் 20 என்றே இருந்தால் மீதி உங்கள் தலையில். ஒதுக்கிய விலை நடப்பு விலைதானா என்று கடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மொத்தத்தைக் குறைத்துக் காட்ட இதைத்தான் முதலில் குறைப்பார்கள். நீங்கள் மலிவாக வாங்கினால் மிச்சம் யாருக்கு என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பலரும் முழிப்பார்கள்.

அப்புறம், கூடுதல் வேலைக்கு என்ன ரேட், யார் எழுத்தில் சம்மதித்த பிறகு ஆரம்பிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பணத்தவணை தேதிக்கு அல்ல, முடிந்த வேலைக்கு இருக்கட்டும்.

சந்தேகங்களை எண் போட்டு ஒரே மெயிலில் அனுப்புங்கள். வரும் பதில்களை வைத்துத் திருத்திய கொட்டேஷனைக் கேட்டு வாங்கி, வரைபடத்தோடு ஒப்பந்தத்தில் இணைத்துவிடுங்கள்.