ஏழாம் பாடம்

கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை. ஈரத்தில் ஒட்டிப்போன நோட்டை இனிப் புரட்டினால் கிழிந்துவிடும் என்று, பேத்தி பக்கம் பக்கமாகப் படமெடுத்து மடிக்கணினியில் ஏற்றியிருந்தாள். பாட்டி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துத் தட்டச்சு செய்தார். சில படங்களின் ஓரத்தில் பேத்தியின் கட்டைவிரல் நுனியும் விழுந்திருந்தது.

மலைப்பிள்ளைகளுக்கு மலையையே பாடமாக்க வேண்டும் என்று, பாட்டி பணியில் இருந்தபோது தொடங்கிய புத்தகம். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி எல்லாம் விறுவிறுவென்று ஏறின. ஏழாம் பாடத்தில் கை நின்றது.

'சோலைக்காட்டை வெட்டினால் ஓடை ஏன் வற்றுகிறது?'

அதற்குக் கீழே வெற்றுத் தாள். தாத்தா படுக்கையில் விழுந்த வருடம் அது.

"இதுவரை போதும் பாட்டி. என் வகுப்புக்கு ஆறு பாடங்களே தாராளம்."

"கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை அம்போவென்று விடுவதா?"

அவர் தட்டத் தொடங்கினார். 'சோலை மரத்தடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். மழைநீர் அதில் இறங்கி மண்ணுக்குள் போகும். மழை நின்ற பிறகும் மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். மரமும் சருகும் போனால், நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடிவிடும்.'

"திங்கட்கிழமையே வகுப்பில் படித்துக்காட்டுகிறேன்."

"படித்துக்காட்டாதே. கேள்வியை மட்டும் கேள். சோலைக்குக் கூட்டிப்போய்ச் சருகைக் கிளறச் சொல். பதிலை அவர்களே சொல்வார்கள்."

"எட்டாம் பாடம்?"

"தேயிலை. உன் கொள்ளுப்பாட்டி கொழுந்து பறித்த கதையிலிருந்து தொடங்கலாம். நான் சொல்கிறேன், நீ தட்டு."