செங்கோட்டை உணவகம்: 14 வாரத் திட்டம்

40 இருக்கை. ஆகஸ்ட் முதல் திங்கள் தொடக்கம். கார்த்திகை முதல் தேதி ஐயப்ப சாமிமார் கூட்டம் தொடங்கும், அதற்குள் கடை ஓட வேண்டும்.

```
██············ இடம், ஒப்பந்தம்
··██·········· வரைபடம், அனுமதி
····██████···· கட்டட வேலை
··········██·· கரண்ட், குழாய்
············█· அடுப்பு பொருத்துதல்
·············█ ஒத்திகைச் சமையல்
····▒▒▒▒▒····· பாத்திரம், சாமான்
··▒▒▒▒▒▒▒▒···· உணவு உரிமம்
·········▒▒▒·· ஆள் சேர்ப்பு
```

ஒரு கட்டம் ஒரு வாரம். கறுப்புக் கட்டங்கள்தான் முக்கியப் பாதை: 2+2+6+2+1+1=14. இதில் எது தள்ளினாலும் திறப்பும் அதே அளவு தள்ளும்.

கவலை கட்டட வேலையில்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆகவே கூரை முதலில், உள்பூச்சு அப்புறம். கொத்தனார் இன்னொரு வேலையையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அவர் வேண்டாம், அண்ணாச்சி.

சாமானுக்கு 3 வாரமும் உரிமத்துக்கு 4 வாரமும் தள்ளிப்போக இடைவெளி உண்டு. ஆள் சேர்ப்புக்கு ஒரே வாரம். பரோட்டா மாஸ்டர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போவது நம் பக்கம் புதிதல்ல. இருவரிடம் பேசி வையுங்கள். உரிமம் கைக்கு வராமல் திறப்பு இல்லை.

பெயர்ப்பலகை தமிழிலும் மலையாளத்திலும். அதை 11-ஆம் வாரம் எழுதக் கொடுத்தால் போதும்.