டர்பனில் ரீஃபர் எக்ஸ்போர்ட் கன்ட்ரோலர் வேலை: அடுத்த சிட்ரஸ் சீசனுக்கு என்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்

வணக்கம் அக்கா,

போன வாரம் அந்த இம்போர்ட் வேலைக்கு என் சிவியை அனுப்பிப் பார்த்தீர்களே, அந்தத் தூத்துக்குடி முருகேசன்தான். வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று நீங்களே போன் செய்து சொன்னதற்கு நன்றி. நிறையப் பேர் அதைக்கூடச் சொல்வதில்லை, நாமாக ரெண்டு வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அன்றைக்குத் தமிழில் பேசினோம், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். சிவி ஆங்கிலத்தில்தான் இணைத்திருக்கிறேன், கம்பெனிகளுக்கு அப்படியே அனுப்பலாம்.

அன்று நீங்கள் "உனக்கு எந்த மாதிரி வேலை வேணும்"னு கேட்டபோது நான் "ஷிப்பிங்கில் எதுவானாலும் சரி" என்று சொல்லி வைத்தேன். போனை வைத்ததுமே உறைத்தது. எதுவானாலும் சரி என்கிறவனை எந்த வேலை வரும்போது நீங்கள் நினைப்பீர்கள்? அதனால் அந்தப் பதிலை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்:

டர்பன். கடல்வழி எக்ஸ்போர்ட் கன்ட்ரோலர். ரீஃபர் பெட்டிகள், குறிப்பாக சிட்ரஸ் பழம்.

கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் கம்பெனியாக இருந்தாலும் சரி, பழ ஏற்றுமதிக் கம்பெனியின் சொந்த லாஜிஸ்டிக்ஸ் பிரிவாக இருந்தாலும் சரி, கப்பல் லைனின் ரீஃபர் டெஸ்க்காக இருந்தாலும் சரி, எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

மொத்தம் ஒன்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் மூன்று வருஷம், இங்கே ஆறு. இங்கே முதல் ரெண்டு வருஷம் இம்போர்ட் டிக்ளரேஷன் போட்டேன், அப்புறம் நாலு வருஷமாக எக்ஸ்போர்ட். ரீஃபர் மட்டும் சீசனில்தான் கைக்கு வரும், அதுவும் நானும் இன்னொருவரும் சேர்ந்து உச்ச வாரங்களில் நாற்பது பெட்டி வரை பார்ப்போம். சீசன் முடிந்ததும் என்னைத் திரும்ப இம்போர்ட் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் வேலை மாற நினைப்பதற்கு இது ஒன்றுதான் காரணம். இருக்கும் இடத்தில் சண்டையோ சம்பளப் பாக்கியோ எதுவும் இல்லை.

ரீஃபர் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், டர்பனில் டாக்குமென்ட் போடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ரீஃபர் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ரெண்டையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்ப்பது குறைவு, பழத்துக்கோ ரெண்டும் ஒன்றாகத்தான் வேண்டும். 2022-ல் ஐரோப்பா ஃபால்ஸ் காட்லிங் மாத் பூச்சிக்காக ஆரஞ்சுக்குக் குளிர் விதியைக் கடுமையாக்கியதிலிருந்து செட் பாயின்ட் வெறும் டெக்னீஷியன் சமாச்சாரம் இல்லை, காகிதத்தில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலையும் ஒத்துப்போக வேண்டும். பயணத்திலேயே குளிர்ச் சிகிச்சை நடக்கிற ஸ்டெரி பெட்டி என்றால் இன்னும் மோசம், பழத்துக்குள் குத்தியிருக்கிற சென்சார் வரம்பைத் தாண்டிவிட்டால் நாள் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். இந்தத் தலைவலிதான் எனக்குப் பிடித்திருக்கிறது, என்ன செய்ய.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கிளையன்ட்டிடம் பேசும்போது உங்களுக்கும் உதவும். போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாள் காலை ஸ்டாக் மூடுகிறது. ஃபைட்டோ சர்டிஃபிகேட் வந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் மனநிலை. பெட்டி எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும், கடைசி இலக்கம் அதற்கு முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நான் எப்போதும் அதைச் சரிபார்ப்பேன், ஆபீசில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். அன்றைக்குக் கணக்கு ஒத்து வரவில்லை. பார்த்தால் சர்டிஃபிகேட்டில் நடுவில் ரெண்டு இலக்கம் இடம் மாறிக் கிடந்தது, தப்பு எங்கள் விண்ணப்பத்திலேயே. அன்று சாயங்காலத்துக்குள் திருத்திய சர்டிஃபிகேட்டை வாங்கிவிட்டோம், பெட்டி அதே கப்பலில் போனது. விட்டிருந்தால் இறங்குகிற துறைமுகத்தில் பெட்டி பிளக்கில் நின்றிருக்கும், நாள் கூலி ஏறியிருக்கும், வாங்குகிறவன் விலையைக் குறைத்துப் பேசியிருப்பான்.

ஸ்டாக் தேதி மாறுவது, காற்றடித்து பியர் 2-ல் கிரேன் நிற்பது, பேஹெட் ரோட்டில் லாரி வரிசை, இதெல்லாம் பழகிவிட்டது. பிபிஇசிபி இன்ஸ்பெக்ஷனுக்கு நேரம் வாங்குவது, விஜிஎம், சார்ஸ் டிக்ளரேஷன், பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட் திருத்துவது எல்லாம் தினசரி வேலை. இசிஸூலு டிரைவர்களோடு சமாளிக்கிற அளவுக்கு வரும், அழகாக வராது.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபிரெய்ட் செய்ததில்லை. ரேட் பேசி கஸ்டமர் பிடிக்கிற சேல்ஸ் வேலை எனக்கு வராது, முயற்சியும் செய்ய மாட்டேன். அதனால் சேல்ஸ், வேர்ஹவுஸ், சுத்தமாக இம்போர்ட் மட்டும் என்று வந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம், உங்கள் நேரமும் மிச்சம். எக்ஸ்போர்ட் பாதி இம்போர்ட் பாதி என்றால் கேளுங்கள், ரீஃபர் இருந்தால் யோசிக்கிறேன்.

நடைமுறை விஷயங்கள்: நிரந்தர வசிப்பு அனுமதி இருக்கிறது (மனைவி இங்கேயே பிறந்தவர்), கம்பெனி எனக்காக விசா எதுவும் பார்க்க வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒரு மாதம். இப்போது பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம் மாதம் 28,000 ராண்ட், 34,000-க்கு மேல் என்றால் பேசலாம், சீசன் ஓவர்டைம் தனியாக இருந்தால் அதில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். வீடு சாட்ஸ்வொர்த்தில், சொந்தக் கார், சீசனில் ராத்திரி போன் வந்தால் எடுப்பேன். ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் வேண்டாம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் இங்கேதான்.

இந்த வருஷ சிட்ரஸ் முடிகிற நேரம், இப்போதே யாரும் ஆள் தேடமாட்டார்கள் என்று தெரியும். ஏப்ரலில் பழம் கிளம்ப ஆரம்பித்துவிடும், நோட்டீஸ் ஒரு மாதம் போக அங்கே ஒரு மாதமாவது பழகினால்தான் சீசனில் உதவுவேன், அப்படியென்றால் ஜனவரி, பிப்ரவரியில் பேச்சு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். இடையில் யாராவது சீசன் நடுவே ஆளை இழந்து திண்டாடினால் அப்போதும் கூப்பிடலாம்.

இதற்கு இப்போது பதில் எழுத வேண்டாம் அக்கா, உங்கள் லிஸ்ட்டில் ரீஃபர் சிட்ரஸ் என்று என் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு போட்டுவைத்தால் போதும். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, பெட்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிறவன் என்று நினைத்தால் நான்தான். ஜனவரி ரெண்டாவது வாரம் நானே ஒரு வரி எழுதி விசாரிக்கிறேன். அதற்குள் தெரிந்த யாராவது இம்போர்ட் ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், எங்கள் பழைய டீமில் நல்ல பெண் ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்
சாட்ஸ்வொர்த், டர்பன்