12.5 சதவீதப் பத்திரம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில்

கும்பகோணம்
14.11.2025

அன்புள்ள சண்முகம் சார், வசந்தா அம்மா இருவருக்கும் வணக்கம்.

ஆப்பில் வந்த 27 மாதக் கம்பெனிக் கடன் பத்திர விளம்பரத்தைப் பற்றிச் செவ்வாய்க்கிழமை போனில் அம்மா கேட்டார்கள்: "போஸ்ட் ஆபீஸ் 8.2 தருது, இந்தக் கம்பெனி 12.5 தருது. ரெண்டும் பணம்தானே, ஏன் தம்பி வேண்டாங்கறீங்க?" நியாயமான கேள்வி. அவசரமாகப் பதில் சொல்ல மனசில்லாமல் எழுதுகிறேன்.

ஊரில் கைமாற்று வாங்குபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகையோ வீட்டுப் பத்திரமோ அடகு வைக்க முடிந்தவர் வங்கிக்குப் போய்விடுவார். ரெண்டு ரூபாய் வட்டி, மூணு ரூபாய் வட்டிக்கு ஒத்துக்கொள்வது வங்கி கைவிரித்த பிறகுதான். கம்பெனிக்கும் இதே கணக்கு. மத்திய அரசு பத்து வருஷத்துக்குக் கடன் வாங்கினால் ஆறரை சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி தருகிறது, ஏனென்றால் திருப்பித் தருமா என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் இருக்கும் கம்பெனி 12.5 கொடுக்க முன்வருகிறது. அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் தர ஆள் இருந்தால் அவர்கள் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்? போஸ்ட் ஆபீஸைவிடக் கூடுதலாகத் தெரியும் அந்த 4.3 சதவீதம், பணம் திரும்பாமல் போகலாம் என்ற பயத்துக்கு அவர்கள் தரும் விலை.

அதே ஆப்பில் 14 சதவீதம் வரை "யீல்டு" காட்டும் பழைய பத்திரங்களையும் சார் குறித்து அனுப்பியிருந்தார். அது கம்பெனி தாராளமாகக் கொடுக்கும் வட்டி இல்லை. 1,000 ரூபாய் பத்திரம், வருஷம் 90 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 சதவீதம். கம்பெனி ஆட்டம் காண்கிறது என்று செய்தி பரவி, வைத்திருப்பவர்கள் 800 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்குபவருக்கு அந்த 90 ரூபாயே 11.25 சதவீதமாகத் தெரியும். முதிர்வில் 1,000 முழுசாக வந்துவிடும் என்று அதையும் சேர்த்தால் இன்னும் கூடும். கம்பெனி ஒரு ரூபாய்கூட அதிகம் தரவில்லை. மற்றவர்கள் பயந்து ஓடியதால் ஏறிய எண் அது.

விளம்பரத்தில் சின்ன எழுத்தில் BBB- என்று தரமதிப்பீடு இருக்கிறது. முதலீட்டுக்குத் தகுதி என்று சொல்லும் படிகளில் அதுதான் கடைசிப் படி. மேல்படியில் இருந்தவையே விழுந்திருக்கின்றன. ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் 2018-இல் சில மாதங்களுக்குள் உச்ச மதிப்பீடான AAA-இலிருந்து கடன் தவறியதற்கான D-க்கு இறங்கியது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் ஏ.டி.1 பத்திரங்கள், அதாவது வங்கி சிக்கலில் மாட்டினால் ரத்தாகக்கூடிய பத்திரங்கள், 8,400 கோடி ரூபாய்க்கு மேல், ஒரேயடியாக ரத்து செய்யப்பட்டன. ஓய்வு பெற்றவர்கள் பலர் அதை ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி என்று நம்பி வாங்கியிருந்தார்கள். அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

"செக்யூர்டு" என்று போட்டிருக்கிறதே என்று சார் கேட்டார். கம்பெனிக்கு வரவேண்டிய கடன் பாக்கிகள்தான் அதற்கு ஈடு. கம்பெனி கவிழ்ந்தால் அதை வசூலித்துப் பங்கு பிரிக்க வருஷக்கணக்கில் ஆகலாம், முழுசாக வராமலும் போகலாம். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. பங்குச்சந்தையில் விற்றுவிடலாம் என்பார்கள். சிக்கல் வரும் நாளில் வாங்க ஆள் இருக்க மாட்டார்.

இப்போது உங்கள் கணக்கு. அம்மாவின் பூர்வீக நிலம் விற்று வந்த 20 லட்சம். 12.5 சதவீதத்தில் வருஷத்துக்கு 2,50,000 ரூபாய், 8.2 சதவீதத்தில் 1,64,000. வித்தியாசம் 86,000, மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். அது சின்னத் தொகை இல்லை, மருந்துச் செலவுக்கு உதவும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதல் போய்விட்டால், அந்த 86,000-ஐச் சேர்த்தே 20 லட்சத்தை மீட்க 23 வருஷத்துக்கு மேல் ஆகும். சாருக்கு 68, அம்மாவுக்கு 64. நாற்பது வயதுக்காரர் இழந்தால் திரும்பச் சம்பாதிக்கலாம். உங்களுக்கு அந்த அவகாசத்தை யாராலும் தர முடியாது.

12.5 தரும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கம்பெனி 27 மாதமும் ஒழுங்காகவே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் தாங்க முடியாத பணத்தை அங்கே வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த 8.2 சதவீத போஸ்ட் ஆபீஸ் திட்டமான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சார் தன் பெயரில் 30 லட்சம் உச்சவரம்பைத் தொட்டுவிட்டார். அம்மா இன்னும் தொடங்கவே இல்லை. அவருக்கும் தனியாக 30 லட்சம் வரை இடம் இருக்கிறது. 15 லட்சத்தை அதில் போடலாம். ஐந்து வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, 8.2 சதவீதம் கடைசிவரை மாறாது. மீதி 5 லட்சம் வங்கி டெபாசிட்டில், அவசரத்துக்கு எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் ஆதார், பான், இரண்டு போட்டோ, காசோலைப் புத்தகம் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம். அதற்குள் அந்த ஏஜெண்ட் போன் செய்தால், கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
கார்த்திகேயன்
முதலீட்டு ஆலோசகர்