பேட்டரி ஸ்பிரேயர் வாங்கலாமா? டெல்டா வயலில் அடித்துப் பார்த்த கதை

(காட்சி: வலங்கைமான் பக்கம், வீட்டுத் திண்ணை. கட்டுப் பிரிக்காத அட்டைப்பெட்டி.)

வணக்கம் மக்களே. இது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். கும்பகோணத்தில் 3,200 ரூபாய் கொடுத்து நானே வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் நாலைந்து பெயர்களில் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

(காட்சி: பெட்டியைப் பிரிப்பது.)

டேங்க், சார்ஜர், லான்ஸ், தோள்பெல்ட், நாலு நாசில், ஒரு பொட்டலத்தில் வாஷர். ஒரு முகக்கவசமும் போட்டிருக்கிறார்கள். தூசிக்கே தாங்காது, மருந்துக்கு இதை நம்பாதீர்கள். கையுறை இல்லை.

அடியில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர் லெட்-ஆசிட் பேட்டரி. முதலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். ட்ரிகரை விட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் டக் டக் என்று விட்டு விட்டு ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அநேகமாக லான்ஸ் பூட்டும் இடத்தில் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்காது.

(காட்சி: நாசிலுக்குக் கீழே அளவுக் குவளை, பக்கத்தில் கைக்கடிகாரம்.)

பெட்டியில் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது. ஒற்றை நாசிலில் ஒன்றரை லிட்டர்தான் வந்தது. நாலு துளை நாசில் போட்டால் கூடுகிறது, ஆனால் துளி பெரிதாக விழுகிறது. பூச்சி மருந்துக்கு அது வேண்டாம். கூம்பாகப் பனிபோல் விழும் நாசில்தான் சரி. களைக்கொல்லிக்குத் தட்டையாக விசிறும் நாசில்.

(காட்சி: சம்பா வயல், கதிர் வரும் பருவம்.)

இப்போது வயலுக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு என்றால் பன்னிரண்டரை டேங்க் ஆகிறது. ஒரு மாவுக்கு நாலு டேங்குக்குக் கொஞ்சம் மேல். முழு சார்ஜில் ஏக்கரை முடித்துவிட்டோம், ஆனால் கடைசி டேங்கில் கூம்பு சுருங்கி, தூறல் மாதிரி கொட்ட ஆரம்பித்தது. அப்படியே அடித்தால் மருந்து வீண்.

எனக்குப் பிடித்தது புகையானுக்கு அடித்த விதம். அது தூரில்தானே உட்காரும்? கைப்பம்பில் ஒரு கை அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கையால் லான்ஸைத் தாழ்த்திப் பிடிப்பது பெரிய அவஸ்தை. இதில் ஒரு கையால் பயிரை ஒதுக்கி, மறுகையால் நாசிலைத் தூர் வரை இறக்கலாம். எங்களுக்கு மருந்து அடிக்க வரும் அண்ணனிடம் கேட்டேன். “கை சும்மா இருக்கு தம்பி, தோள்தான் அறுக்குது” என்றார். உண்மைதான். தண்ணீரோடு 22 கிலோ வருகிறது, பெல்ட்டோ மெல்லிசு. சேற்றில் கால் புதையும்போது தெரியும். துண்டை மடித்து வைத்துக்கொண்டுதான் சமாளித்தார்.

(காட்சி: டேங்கின் அடிப்பக்கம், மிக அருகில்.)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சார்ஜர் சொருகும் ஓட்டை தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். மூட ஒரு ரப்பர் மூடி, அதுவும் லூசு. நம்ம ஊரில் டேங்கை எங்கே இறக்கி வைப்போம்? ஈர வரப்பில்தான். பாருங்கள், ஒரே நாளில் உள்ளே சேறு. டிசைன் பண்ணியவர் நடவு வயலைப் பார்த்ததே இல்லை போல! தண்ணீர் மொள்ளும்போதும் வாய்க்காலில் டேங்கைச் சாய்த்து அமுக்காதீர்கள். குடத்தால் ஊற்றுங்கள். கீழே ஒரு பலகையோ சாக்கோ போட்டு வையுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யா அடிப்பவர்கள் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டணும். இல்லையென்றால் நாசில் அடைத்து வரப்பில் உட்கார்ந்து ஊசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்புறம், 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கில் உளுந்துக்கு மருந்து கலக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மிச்சமே இலையைச் சுருட்டிவிடும். முடிந்தால் களைக்கொல்லிக்குப் பழைய கைப்பம்பையே ஒதுக்கி வையுங்கள்.

பேட்டரி சாவது வயலில் இல்லை, பரணில். உளுந்து எடுத்த பிறகு ஆனியில் தண்ணீர் வரும்வரை சும்மா கிடக்கும். லெட்-ஆசிட்டை சார்ஜ் இறங்கிய நிலையில் அப்படிப் போட்டால் போச்சு. மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள்.

(காட்சி: டேங்கைக் கழுவியபடி முடிவு.)

சரி, வாங்கலாமா? மூன்று மா முதல் ஆறு மா வரை சொந்தமாக அடிப்பவர் என்றால் வாங்கலாம், மறுநாளும் சார்ஜ் போட்டு மிச்சத்தை முடித்துவிடுவீர்கள். ஒரு வேலிக்கு மேல் இருந்தால் இது போதாது, பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் பாருங்கள். வேலை செய்யும் விதத்துக்கு பத்துக்கு ஏழு கொடுப்பேன், பெல்ட்டுக்கும் அந்த ரப்பர் மூடிக்கும் மூன்றுகூட அதிகம்.

வாங்கும்போது பேட்டரிக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு மோட்டாருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, பேட்டரி பற்றிக் கேட்டால் “பார்த்துக்கலாம்” என்றார்கள். வற்புறுத்தின பிறகுதான் ஆறு மாதம் என்று பேனாவால் சேர்த்தார்கள்.

(காட்சி: பில், பேனா எழுத்து தெரியும்படி.)