பஞ்சத்தை அரசு அறியாமலா இருந்தது? அமர்த்திய சென்னின் நூல் குறித்து

நூல்: பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்: அன் எஸ்ஸே ஆன் என்டைட்டில்மென்ட் அண்ட் டெப்ரிவேஷன்
ஆசிரியர்: அமர்த்திய சென்
வெளியீடு: கிளாரண்டன் பிரஸ், ஆக்ஸ்ஃபோர்டு, 1981

தாது வருஷப் பஞ்சத்தின் 150ஆம் ஆண்டையொட்டி வரும் சிறப்பிதழில், வங்கப் பஞ்சத்தை மையமாகக் கொண்ட 45 ஆண்டு பழைய நூலுக்கு எதற்கு மதிப்புரை என்று கேட்கலாம். இன்று பஞ்சம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நூலை ஏற்றோ மறுத்தோதான் தொடங்குகிறார்கள். ஆனால் படித்துவிட்டுச் சொல்கிறவர்களைவிட, கேள்விப்பட்டதை வைத்துச் சொல்கிறவர்களே அதிகம். 'மக்களாட்சி நடக்கும் நாட்டில் பஞ்சம் வராது' என்ற புகழ்பெற்ற கூற்றை இந்த நூலின் தலையில் கட்டுவது அதற்கு நல்ல சான்று. அந்த வாதத்தைச் சென் வளர்த்தெடுத்தது பின்னாளைய எழுத்துகளில். இங்கே அவர் சொல்வது அதைவிடக் குறுகலானது, அதைவிட உறுதியானதும்கூட.

ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால் அவர் கைக்கு உணவு வரவில்லை என்று பொருள். ஊரில் உணவே இல்லை என்று பொருளல்ல. இந்த எளிய வேறுபாட்டிலிருந்துதான் நூல் தொடங்குகிறது. விளைச்சல் குறைந்தது, அதனால் மக்கள் செத்தார்கள் என்ற வழக்கமான விளக்கத்தைச் சென் உணவு இருப்புக் குறைவுக் கொள்கை என்று தனியே பிரித்தெடுத்துச் சோதிக்கிறார். அதற்கு மாற்றாக அவர் வைப்பது உரிமை அணுகுமுறை. தன் நிலத்தில் விளைந்தது, தன் உழைப்பை விற்றுப் பெற்றது, பண்டம் மாற்றிப் பெற்றது, மரபுரிமையாகவோ அரசின் உதவியாகவோ வந்தது ஆகிய சட்டபூர்வ வழிகளில் ஒரு குடும்பம் எவ்வளவு உணவைத் தனதாக்கிக்கொள்ள முடியும் என்பதே கேள்வி. அந்த அளவு பசியாற்றப் போதாத இடத்துக்குச் சரியும்போது, பக்கத்துக் கிடங்கு நிறைந்திருந்தாலும் அந்தக் குடும்பம் பட்டினிதான்.

வறுமையை எப்படி அளப்பது என்பதற்கான இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள் பஞ்ச வரலாற்று வாசகருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தாண்டிப் போனாலும் வாதம் அறுபடாது. நூலின் உயிர் ஆறாம் அத்தியாயத்தில், 1943ஆம் ஆண்டு வங்கத்தில் இருக்கிறது.

அங்கே சென் செய்வது கணக்காளர் வேலை. 1943இல் வங்கத்தில் கிடைத்த தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 விழுக்காடுதான் குறைவு, பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 விழுக்காடு அதிகம் என்று காட்டுகிறார். பிறகு விலைக்குப் போகிறார். 1942 டிசம்பரில் கல்கத்தா மொத்தச் சந்தையில் மவுண்டு ஒன்றுக்கு (ஏறத்தாழ 37 கிலோ) 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, 1943 மே மாதத்துக்குள் 30 ரூபாயைத் தாண்டியது. போர்ச் செலவால் பணம் நகரத்தில் குவிந்தது. கல்கத்தாவின் தொழிலாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் மலிவு விலையில் அரிசி உறுதி செய்யப்பட்டது. கிராமத்துக் கூலியோ அந்த விலையை எட்டவே இல்லை.

ஆனால் எல்லாக் கிராமத்தாரும் ஒரே மாதிரி விழவில்லை. புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழுவினர் பஞ்சத்துக்குப் பின் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பைச் சென் இங்கே கொண்டுவருகிறார். ஆதரவற்றுப்போனவர்களில் விவசாயக் கூலிகளும் மீனவர்களும் படகு, வண்டி ஓட்டிப் பிழைத்தவர்களும் முன்னால் நிற்கிறார்கள். சொந்த நிலத்தில் உழுதவரும் வாரக் குடியானவரும் ஒப்பளவில் தப்பியிருக்கிறார்கள். நெல்லைக் கையில் வைத்திருந்தவனுக்கும், மீனையோ முடிவெட்டும் கத்தியையோ வைத்திருந்தவனுக்கும் இருந்த வேறுபாடு இது. வயிறு சுருங்கும் காலத்தில் யாரும் மீனுக்கும் முடிவெட்டுவதற்கும் அரிசி தர மாட்டார்கள். வெறும் இருப்புக் குறைவுக் கொள்கையால் இந்த வரிசையை விளக்க முடியாது. என் பார்வையில் நூலின் மிக வலுவான சான்று மொத்த விளைச்சல் எண்கள் அல்ல, இந்தத் தொழில்வாரிப் பட்டியல்தான். அமர்த்திய சென்னின் எதிர்ப்பாளர்களில் பலர் எண்களோடு மல்லுக்கட்டினார்கள். இந்தப் பட்டியலை அவர்களால் அசைக்க முடியவில்லை.

எண்களைப் பொறுத்தவரை எதிர்ப்பாளர்கள் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. அக்கால வங்கத்தின் விளைச்சல் மதிப்பீடுகள் பெரும்பாலும் கண்பார்வைக் கணக்கு. 1942 அக்டோபரில் மேதினிப்பூரைத் தாக்கிய புயலையும் அதன் பின் பரவிய பூஞ்சை நோயையும் சென் குறிப்பிடுகிறார். ஆனால் நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோய் ஏற்படுத்திய சேதம் பற்றிப் பயிர்நோய் ஆய்வாளர் பத்மநாபன் 1973இல் எழுதியதை வைத்துப் பார்த்தால், 1942 குளிர்கால அறுவடையின் இழப்பு அரசு மதிப்பீட்டைவிடக் கூடுதலாக இருந்திருக்க இடமுண்டு. பொருளியலாளர் பௌபிரிக் 1986இல் இதே திசையில் கடுமையாகத் தாக்கினார், சென் மறுமொழி எழுதினார். 5 விழுக்காட்டுக்குப் பதில் 10, 15 விழுக்காடு குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் யார் செத்தார்கள் என்பதற்கு உரிமை அணுகுமுறைதான் விடை தருகிறது. ஆனால் விலை ஏன் அப்படித் தாவியது என்பதற்கு விளைச்சல் இழப்பும் விளக்கத்துக்குள் வந்தாக வேண்டும். பற்றாக்குறை பெரிதில்லை என்று நிறுவுவதில் காட்டிய முனைப்பால், தன் கொள்கைக்கே தேவையில்லாத ஒரு கோட்டையைச் சென் காத்து நிற்கிறார்.

பிற மூன்று பகுதிகளும் வங்க அத்தியாயத்தின் ஆழத்தை எட்டவில்லை. எத்தியோப்பியாவின் வொல்லோவில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது டெஸ்ஸே சந்தையில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை, வாங்கக் காசில்லாத இடத்தில் விலை ஏறாது என்ற கண்டறிதல் கூர்மையானது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் கால்நடையை விற்றுத் தானியம் வாங்கும் மேய்ப்பர்கள், வறட்சியாலும் மாற்று விகிதச் சரிவாலும் இருமுறை அடிபட்டதை விளக்கும் இடமும் அப்படியே. 1974 வங்கதேசத்தில் தலைக்குக் கிடைத்த உணவு முந்தைய ஆண்டுகளைவிட அதிகம் என்று காட்டுவது அதிர்ச்சி தருகிறது. ஆனால் அங்கே சாவு விழுந்தது வெள்ளத்துக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில். ஆண்டுச் சராசரி அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

தன் அணுகுமுறையின் எல்லைகளைச் சென் ஒளிக்கவில்லை. கொள்ளை போன்ற சட்டமீறிய பறிமுதல்களும், உணவு இருந்தும் பழக்கத்தால் உண்ணாமல் இருப்பதும், பட்டினியால் அல்லாமல் தொற்றுநோயால் வரும் சாவும் இதற்குள் அடங்கா என்று அவரே எழுதுகிறார். கடைசியாகச் சொன்னதுதான் நெருடுகிறது. பிற்சேர்க்கை 'டி'யில் வங்கச் சாவுகளை அவர் மறுபடி கணக்கிடுகிறார். அரசு அமைத்த பஞ்ச விசாரணைக் குழு சொன்ன 15 லட்சத்துக்குப் பதில் சுமார் 30 லட்சம் என்ற முடிவுக்கு வருகிறார். அதில் பாதிக்கும் மேற்பட்டவை 1943 முடிந்த பிறகு, மலேரியாவும் அம்மையும் பரவியபோது நிகழ்ந்தவை என்றும் காட்டுகிறார். பெரும்பாலான சாவுகள் அரிசி விலையின் உச்சத்துக்குப் பிறகு நோயால் வந்தவை என்றால், பஞ்சத்தைப் பற்றிய கொள்கை அதை மையத்தில் வைத்துப் பேச வேண்டாமா? நூலின் ஆகச் சிறந்த மக்கள்தொகை ஆய்வு, நூலின் வாதத்தோடு ஒட்டாமல் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அம்ரிதா ரங்கசாமி 1985இலும், டார்ஃபூரைப் பற்றி அலெக்ஸ் டி வால் 1989இலும் எழுதிய விமர்சனங்கள் நுழைந்தது இந்த விரிசல் வழியாகத்தான்.

என் முதன்மையான மறுப்பு வேறிடத்தில். வங்க அரசு ஏன் செயல்படவில்லை என்ற கேள்விக்குச் சென்னின் விடை, பெருமளவு ஒரு அறிவுப் பிழையைச் சுட்டுகிறது. அதிகாரிகள் மொத்த இருப்பைக் கணக்கிட்டார்கள், பெரிய பற்றாக்குறை தெரியவில்லை, எனவே பஞ்சத்தை எதிர்பார்க்கவில்லை என்கிறார். தவறான கொள்கை மனிதரைக் கொன்றது என்பது பொருளியலாளருக்குப் பிடித்தமான முடிவு. நம் மாகாணத்தின் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைத்தளங்களில் கூலியை, இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். அது உயிரைத் தாங்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அந்தச் சண்டையே கூலியைப் பற்றியது. அதன்பின் அமைந்த ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் கொடுத்த அறிக்கை, வறட்சி முதலில் வயல்வேலையை நிறுத்துகிறது, கூலியை நம்பியவர்களே முதலில் வீழ்கிறார்கள் என்று தெளிவாகவே சொன்னது. 1883இல் வந்த பஞ்ச விதித்தொகுப்பு இந்தப் புரிதலின் மேல் கட்டப்பட்டது. வேலை கொடு, கூலி கொடு, வாங்கும் சக்தி வந்தால் வணிகர் தானியத்தைக் கொண்டுவருவார் என்பதே அதன் தருக்கம். வணிகத்தின் மேல் வைத்த நம்பிக்கை மிகையானது என்று குறை சொல்லலாம். ஆனால் உணவு வேறு, உணவைப் பெறும் வழி வேறு என்பது காலனி அரசுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. சென் நிறுவும் உண்மையின் ஒரு பாதி அறுபது ஆண்டுகளாக அரசின் அலமாரியில் விதிநூலாக இருந்தது.

1943 வங்கத்தில் அந்த விதித்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. விதித்தொகுப்பு சொல்லும் அளவில் கொடுக்கத் தங்களிடம் தானியம் இல்லை என்று பொறுப்பு ஆளுநர் ரூதர்ஃபோர்டு காரணம் சொன்னார். இருப்புக் குறைவுக் கொள்கையின் குரல்தான் இதுவும் என்று சென் சார்பில் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடமை இன்னதென்று தெரிந்து, அது தன்மேல் விழாமல் இருக்க அறிவிப்பைத் தவிர்க்கும் அரசின் பேச்சு இது. கல்கத்தாவுக்கு அரிசி கிடைத்தது. கடலோரப் படகுகள் ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாதென்று பறிக்கப்பட்டன. இவை கணக்குப் பிழைகளல்ல, யார் முன்னால், யார் பின்னால் என்ற தீர்மானங்கள். இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை சென்னின் அத்தியாயத்திலேயே உள்ளன. அவற்றைத் தொகுத்து அரசியல் முடிவுக்கு வராமல், கொள்கைத் தவறு என்ற முடிவுக்கு அவர் வருவதுதான் வியப்பு.

உணவு இருப்புக்கும் உணவு உரிமைக்கும் நடுவே சட்டம் நிற்கிறது என்று பத்தாம் அத்தியாயம் முடிகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர், அமல்படுத்த மறுத்தவர், மறுத்ததால் பயனடைந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு நூல் போகவில்லை.

முதுகலை மாணவர்களுக்கு இந்த நூலைப் பாடமாக வைப்பவர்கள் நான்கு, ஐந்து, ஆறாம் அத்தியாயங்களோடு பிற்சேர்க்கை 'டி'யையும் சேர்த்து வைக்க வேண்டும். கணிதக் குறியீடுகள் நிறைந்த பிற்சேர்க்கைகளை விருப்பமுள்ளவர் படிக்கட்டும். கூடவே 1880 ஆணைய அறிக்கையின் முதல் பகுதியையும், சென்னை மாகாணப் பஞ்சம் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரு தொகுதிகளில் கூலித் தகராறு வரும் பக்கங்களையும் கொடுத்தால், சென்னோடு எங்கே உடன்படுவது, எங்கே பிரிவது என்பதை மாணவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.