70 கேட்டவருக்கு 45 கொடுத்தோம்

டிடர்ஜென்ட் பவுடர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் எங்களிடம் கேட்டது நிமிடத்துக்கு 70 பவுச் போடும் மெஷின். நாங்கள் கொடுத்தது நிமிடத்துக்கு 45 போடும் மெஷின். விலைப்பட்டியலில் மேலே இருப்பதை விற்காமல் கீழே இருப்பதை ஏன் விற்றோம் என்று எங்கள் சேல்ஸ் டீமிலேயே கேள்வி வந்தது. அதற்கான கணக்கு இது. அவருடைய பெயரையும் பிராண்டையும் வெளியே சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம். எண்களைப் போட அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவரிடம் இருந்தது பழைய வி.எஃப்.எஃப்.எஸ் மெஷின், அதாவது ரோல் ஃபிலிமைப் பவுச்சாக்கி, நிரப்பி, சீல் போடும் மெஷின். அதில் பூட்டியிருந்தது, ஸ்க்ரூவைச் சுற்றிப் பவுடரை இறக்கும் கிளட்ச்-பிரேக் ஆகர் ஃபில்லர். ஸ்பீடு நிமிடத்துக்கு 40. எட்டு மணி நேர ஷிப்டில் 480 நிமிடம் என்றால் 19,200 பவுச் வர வேண்டும். எல்லா சைஸையும் 500 கிராமுக்கு மாற்றிக் கணக்கிட்டால் கையில் வந்தது 11,500 சொச்சம். அறுபது சதவீதம். "மெஷின் ஸ்லோ சார், ஆர்டர் எடுக்கவே பயமா இருக்கு" என்றார். மெஷின் ஸ்லோ இல்லை, நின்றுகொண்டே இருந்தது. இந்த இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

கொட்டேஷன் கொடுக்கும் முன் ஒரு முழு ஷிப்ட் மெஷின் பக்கத்தில் நின்று, எப்போது நிற்கிறது, ஏன் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுவது எங்கள் வழக்கம். அன்று கிடைத்த கணக்கில் 192 நிமிடம் மெஷின் ஓடவில்லை. இரண்டு முறை சைஸ் மாற்றுவதற்கு 70 நிமிடம். பவுச்சைச் சூட்டில் அமுக்கி ஒட்டும் சீலிங் ஜாவைத் துடைக்க 45. ஹாப்பரில் பவுடர் தீர்ந்து மூட்டை வரும்வரை காத்திருந்தது 30. ஃபிலிம் ரோல் மாற்ற 30. மீதி 17 நிமிடம் சில்லறை நிறுத்தங்கள்.

இதில் எந்த வரியும் ஸ்பீடு சம்பந்தப்பட்டதில்லை. 70 ஸ்பீடு மெஷினைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தால் ஹாப்பர் இன்னும் சீக்கிரம் காலியாகும், ரோல் இன்னும் சீக்கிரம் தீரும், ஜாவில் தூசு இன்னும் வேகமாகப் படியும். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவருடைய மிக்ஸர் ஒரு ஷிப்டில் கொடுப்பது 9 டன் பவுடர். அரை கிலோவாகப் போட்டால் 18,000 பவுச். 70 ஸ்பீடில் நிற்காமல் ஓடினால் 33,600 பவுச்சுக்குப் பவுடர் வேண்டும், கிட்டத்தட்ட 17 டன். இல்லாத பவுடரை எந்த மெஷினும் பேக் பண்ணாது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் உரிமையாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ மிக்ஸர் வாங்கணுமா?" என்றார். இப்போதைக்கு வேண்டாம், இருக்கிற 9 டன்னை முழுசாகப் பவுச்சுக்குள் கொண்டுவருவோம் என்றோம்.

இனி எடை. பெரும்பாலான தொழிற்சாலைகளில் கவனிக்கப்படாமல் பணம் ஒழுகுவது இங்கேதான். லைனில் இருந்து தொடர்ச்சியாகப் பவுச்சுகளை எடுத்துத் தராசில் வைத்தோம். 498-இல் தொடங்கி 521 வரை போனது. சராசரி 509. பவுச்சுக்கு 9 கிராம் இலவசம். ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எடை இவ்வளவு ஆடினால், குறைந்துவிடக் கூடாது என்று யாராக இருந்தாலும் செட்டிங்கை மேலே தூக்கித்தான் வைப்பார்கள்.

எடை ஏன் ஆடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகர் எடையை அளப்பதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. ஸ்க்ரூ இத்தனை சுற்று சுற்றினால் இவ்வளவு பவுடர் இறங்கும் என்பது, பவுடரின் அடர்த்தி மாறாமல் இருக்கும்வரை சரி. அங்கே நடந்தது என்னவென்றால், ஆள் ஏணியில் ஏறி மூட்டையை ஹாப்பரில் கொட்டுவார். கொட்டிய உடனே பவுடருக்குள் காற்று நிறைந்திருக்கும், எடை குறையும். ஹாப்பர் நிறைந்திருக்கும்போது மேலே இருக்கும் பவுடரின் பாரம் கீழே இருப்பதை அமுக்கும், எடை கூடும். பாதிக்குக் கீழே இறங்கினால் மறுபடி மாறும். ஒவ்வொரு மூட்டைக்கும் எடை அலைபோல ஏறி இறங்கியது வரைபடத்தில் அப்படியே தெரிந்தது. கிளட்ச்-பிரேக் தேய்மானமும் சேர்ந்துகொண்டது. பிரேக் லைனிங் தேயத் தேய ஸ்க்ரூ நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும்.

ஆக, நாங்கள் கொடுத்த செட்டில் முக்கியமானது மெஷின் கூட இல்லை, ஹாப்பருக்குப் பவுடர் ஏற்றும் ஸ்க்ரூ ஃபீடரும் லெவல் சென்சாரும்தான். மட்டம் ஒரு விரற்கடை இறங்கினாலே ஃபீடர் ஓடிக் கொஞ்சமாக நிரப்பும். ஏணியும் போயிற்று, காத்திருப்பும் போயிற்று, அலையும் அடங்கியது. ஆகர் சர்வோ மோட்டாரில் ஓடுகிறது. சீலுக்குப் பிறகு செக் வெயர் ஒவ்வொரு பவுச்சையும் எடை போட்டு, சராசரி நகர்ந்தால் ஆகருக்கே தகவல் அனுப்பிச் சுற்றைத் திருத்துகிறது. ஒற்றைப் பவுச்சைப் பார்த்துத் திருத்தாமல், சில பவுச்சுகளின் சராசரியைப் பார்த்துத் திருத்தும்படி வைத்தோம். ஒன்றொன்றாகத் துரத்தினால் எடை இன்னும் மோசமாக ஆடும்.

இப்போது சராசரி 502.5 கிராம். பவுச்சுக்கு 6.5 கிராம் மிச்சம். ஷிப்டுக்கு 17,700 பவுச் என்றால் 115 கிலோ. அதாவது, முன்பு யாருக்கும் தெரியாமல் சும்மா போய்க்கொண்டிருந்த பவுடரில் இன்று 230 பவுச் போடுகிறார்கள். உங்கள் பவுடரின் கிலோ விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். மெஷின் போட்ட காசை எப்போது திருப்பும் என்பதற்கு எங்கள் பிரோஷர் தேவைப்படாது.

502.5 ஆபத்தில்லையா என்று கேட்பவர்களுக்கு: சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஓ.ஐ.எம்.எல் ஆர் 87 பரிந்துரைப்படி சராசரி, லேபிளில் உள்ள எடைக்குக் குறையக் கூடாது. 500 கிராம் பேக்கில் தனிப்பட்ட ஒரு பேக்குக்கு அனுமதிக்கப்படும் குறைவு 15 கிராம். அதைவிடக் குறைபவை 2.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டு மடங்குக்கு மேல் குறைவது ஒன்று கூட இருக்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் கணக்கு. ஆட்டம் அடங்கிய லைனில் 2.5 கிராம் தாராளமான இடைவெளி. ஆட்டம் இருந்த லைனில் 9 கிராம் கூட்டி வைத்தும் எடை 498 வரை இறங்கியது.

அடுத்தது சீல். லீக் ஆகும் பவுச் நூற்றுக்கு மூன்று. அதையெல்லாம் கிழித்துப் பவுடரை மறுபடி ஹாப்பரில் போட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பவுச்சைத் தண்ணீரில் அமுக்கினால் அடிச்சீலின் ஓரத்தில் குமிழி வந்தது. அந்த இடத்தைக் கத்தரித்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு ஃபிலிமுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வரி, மணல் மாதிரி பவுடர். ஆபரேட்டர் இதற்குச் செய்திருந்தது எல்லா ஆபரேட்டர்களும் செய்வதுதான்: ஜா டெம்பரேச்சரை ஏற்றியிருந்தார். சூட்டால் பவுடர் உருகாது. ஃபிலிம்தான் சுருங்கி, சீல் ஓரம் உடையும். லீக் குறையாமல் ஜாவில் கருகல் மட்டும் கூடியிருந்தது. 45 நிமிடத் துடைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

பவுடர் சீல் இடத்துக்கு வராமல் இருப்பதற்கே வழி பார்க்க வேண்டும். ஆகர் முனையில் ஷட்டர் வைத்தோம், ஸ்க்ரூ நின்றபின் சிந்துவது நின்றது. ஃபார்மிங் டியூபைச் சுற்றித் தூசு உறிஞ்சும் வளையம். ஃபிலிம் ரோலில் இருந்து உரியும்போது உண்டாகும் ஸ்டேட்டிக்கைக் கொல்ல ஒரு அயனைசர் பார். தூசு ஃபிலிமில் ஒட்டுவதில் பாதி அந்த ஸ்டேட்டிக்கின் வேலை. பவுடர் படிவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்து ஜா மூடும்படி டைமிங்கைத் தள்ளினோம். 70 ஸ்பீடில் அந்த நேரத்தைக் கொடுக்கவே முடியாது. 45-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். டெம்பரேச்சரைப் பழையதைவிடக் குறைத்தே வைத்திருக்கிறோம்.

கம்ப்ரஸர் லைனில் ஏர் டிரையர் போடச் சொன்னோம், அது எங்கள் சப்ளை இல்லை. டிடர்ஜென்ட் ஈரத்தை இழுக்கும், சிலிண்டர் வெளியேற்றும் காற்றில் தண்ணீர் இருந்தால் பவுடர் கட்டி தட்டும்.

சைஸ் மாற்றம் 35 நிமிடத்தில் இருந்து 15-க்கு வந்திருக்கிறது. ஃபார்மிங் செட் ஸ்பேனர் இல்லாமல் கழன்று வரும், செட்டிங் எல்லாம் டச் ஸ்க்ரீனில் சேமித்திருக்கும். 200 கிராமுக்கும் 500-க்கும் இது சரி. ஒரு கிலோவுக்குப் போனால் ஆகர் ஸ்க்ரூவையே மாற்ற வேண்டும், அதற்கு இன்னும் அரை மணி நேரம் ஆகிறது. அதனால் ஒரு கிலோவைத் தனி நாளில் ஓட்டுகிறார்கள்.

எல்லாம் முதல் நாளே ஓடிவிடவில்லை. லீக் ஒன்று வந்தால் கை தன்னால் டெம்பரேச்சர் பட்டனுக்குப் போகும் பழக்கம் போக நாளாயிற்று. கடைசியில் அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டு, சாவியை ஷிப்ட் இன்சார்ஜிடம் கொடுத்தோம். ஃபிலிம் சப்ளையரிடமும் பேச வேண்டியிருந்தது. பவுச்சை எங்கே வெட்டுவது என்று சென்சாருக்குக் காட்ட ஃபிலிமில் அச்சிடும் ஐ மார்க்கின் நிறம் ரோலுக்கு ரோல் வெளுத்து வந்தால் எந்த சென்சாரும் தடுமாறும்.

இன்றைய நிலை: ஷிப்டுக்கு 17,700 பவுச், மெஷின் நிற்கும் நேரம் 87 நிமிடம், லீக் ஆயிரத்துக்கு நாலைந்து. கிழித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் செக் வெயரைப் பார்க்கிறார், இன்னொருவர் அட்டைப்பெட்டி போடும் இடத்தில். மிக்ஸர் தரும் 9 டன்னில் 8.9 டன் பவுச்சாக வெளியே போகிறது. இப்போதுதான் அவர் மிக்ஸருக்கு விலை விசாரிக்கிறார்.

பவுடர் பேக்கிங்கில் மெஷின் மாற்ற யோசிப்பவர்கள் எங்களை அழைக்கும் முன் ஒரு ஷிப்ட் மட்டும் நிற்கும் நேரத்தை எழுதிவையுங்கள். ஐம்பது பவுச்சை வரிசையாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மிக்ஸரின் கொள்ளளவையும் சேர்த்து அனுப்பினால், எந்த ஸ்பீடு வேண்டும், வேண்டவே வேண்டாமா என்று சொல்லிவிடுவோம். அதன்பின் உங்கள் பவுடரில் இரண்டு மூட்டையும் உங்கள் ஃபிலிமில் ஒரு ரோலும் எங்கள் ஷெட்டுக்கு வரட்டும். ட்ரையல் உங்கள் சரக்கில்தான், எங்கள் சாம்பிள் பவுடரில் இல்லை.